பணம், உடல்நலம் பற்றி வலைப்பூ எழுதுகிறீர்களா? உங்கள் அனுபவத்தை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது தமிழில் டைப் செய்வது. அடுத்த மாதமே பலர் ப்ளாக்கரில் ஒரு வலைப்பூ தொடங்கி விடுகிறார்கள். கோவில், சமையல், பயணம் என்று எழுதும்வரை கவலை இல்லை. ரசத்தில் புளி கூடிவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடுதான் கெடும். ஆனால் "என் பணத்தை இப்படிப் பெருக்கினேன்", "என் சர்க்கரையை இப்படிக் குறைத்தேன்" என்று எழுதும்போது நிலைமை வேறு. படிப்பவர் அதைப் பின்பற்றினால் அவருடைய சேமிப்போ உடம்போ பாதிக்கப்படலாம்.

கூகுள் நிறுவனம் தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிட ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தந்துள்ள கையேட்டில் இந்த இரண்டு வகைத் தலைப்புகளுக்கும் மற்றவற்றைவிடக் கடுமையான அளவுகோல் இருக்கிறது. 2022 டிசம்பரில் அந்தக் கையேட்டில் "அனுபவம்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். எழுதியவர் அந்தப் பொருளைத் தானே பயன்படுத்திப் பார்த்தாரா, அந்த இடத்துக்குத் தானே போனாரா என்று பார்க்கச் சொல்கிறது அது. உடனே பல வலைப்பூக்களில் "என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்" என்ற வரி முளைத்து விட்டது. அந்த வரியை எழுதுவதால் மட்டும் ஒன்றும் நடக்காது. அதே கையேடு எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது நம்பகத்தன்மையைத்தான். சொந்த அனுபவமும் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல. எப்படி என்பதை ஒரு உண்மைக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

காவேரிப்பாக்கம் நண்பரின் பதிவு

காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ராணிப்பேட்டையில் ஷூ தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மகன் கல்லூரிக்குப் போனபோது வாங்கிய கம்ப்யூட்டரில் இப்போது இவர்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார். "சீட்டு போடுங்கள், வங்கியை மறந்துவிடுங்கள்" என்று ஒரு பதிவை எழுதி, வெளியிடும் முன் எனக்கு அனுப்பினார். அதில் இருந்த முக்கியமான பகுதி இதுதான்:

"நான் 1 லட்ச ரூபாய் ஏலச் சீட்டில் சேர்ந்தேன். கடைசி மாதம்வரை எடுக்காமல் பொறுமையாக இருந்தேன். மொத்தம் கட்டியது 84,550 ரூபாய். கைக்கு வந்தது 95,000 ரூபாய். அதாவது 12 சதவீத வட்டி! இது என் சொந்த அனுபவம். நீங்களும் தைரியமாகச் சேரலாம்."

இதில் பொய் எதுவும் இல்லை. பதிவு செய்யப்பட்ட சீட்டு, பாஸ்புக் இருக்கிறது, பணமும் வந்தது. ஆனாலும் இந்தப் பதிவை நம்பி ஒருவர் சேர்ந்தால் ஏமாற வாய்ப்பு உண்டு. நான் இதைப் போனில் சொன்னபோது நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம். "என் கையால கட்டி என் கையால வாங்கினது சார், இதுல என்ன தப்பு?" என்றார்.

தப்பைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அவருடைய மைத்துனர். அவரும் அதே சீட்டில் ஒரு உறுப்பினர். பதிவைப் படித்துவிட்டு, "மாமா, எனக்கு அப்படி இல்லையே. நான் 70,000 வாங்கிட்டு நீங்க கட்டின அதே 84,550-ஐ கட்டினேன்" என்றார். அவர் தங்கையின் கல்யாணத்துக்காக மூன்றாவது மாதமே ஏலத்தில் சீட்டை எடுத்தவர். ஒரே சீட்டு, ஒரே பாஸ்புக் கணக்கு, இருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் வட்டி வாங்கினார், இன்னொருவர் வட்டி கட்டினார்.

கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம்

சீட்டின் அமைப்பு எளிமையானது. 20 பேர், 20 மாதம், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். மாதம்தோறும் 1 லட்சம் சேரும். அதை ஏலம் விடுவார்கள். யார் அதிகமாகத் தள்ளி எடுக்கிறாரோ அவருக்குச் சீட்டு. 30,000 தள்ளினால் கைக்கு 70,000 வரும். அந்த 30,000-ல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 25,000-ஐ 20 பேருக்கும் பிரிப்பார்கள். ஆளுக்கு 1,250 கழிவு. ஆகவே அந்த மாதம் 5,000-க்குப் பதில் 3,750 கட்டினால் போதும்.

நண்பரின் பாஸ்புக்கில் முதல் 5 மாதம் 3,750, அடுத்த 5 மாதம் 4,000, அதற்கடுத்த 5 மாதம் 4,400, பிறகு 4 மாதம் 4,700, கடைசி மாதம் 5,000 என்று இருந்தது. கடைசி மாதம் ஏலம் கிடையாது. கமிஷன் 5,000 போக 95,000 அவருக்கு வந்தது.

"12 சதவீதம்" எப்படி வந்தது? லாபம் 10,450 ரூபாயை 84,550-ஆல் வகுத்திருக்கிறார். 12.4 வருகிறது. இதில் இரண்டு தவறுகள் உள்ளன. இது 20 மாதத்துக்கான சதவீதம், ஆண்டுக்கு அல்ல. இது ஒரு தவறு. இன்னொன்று, 84,550 ரூபாய் முழுவதும் 20 மாதமும் சீட்டில் இருக்கவில்லை. முதல் மாதம் கட்டியது 19 மாதம் இருந்தது, கடைசிக்கு முன் மாதம் கட்டியது ஒரே ஒரு மாதம்தான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டு தவறும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அதனால் சரியான விடை அவர் எழுதியதைவிடக் கூடுதலாகவே வரும்.

எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் இதற்கென்றே ஒரு பார்முலா இருக்கிறது. புதிய ஷீட்டைத் திறந்து B2 கட்டத்தில் தொடங்கி, மாதத்துக்கு ஒரு கட்டமாக 20 கட்டங்களை நிரப்புங்கள். கையை விட்டுப் போன பணத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். கைக்கு வந்ததற்குக் குறி வேண்டாம். கடைசி மாதம் 95,000 வந்தது, 5,000 போனது. ஆகவே 90000 என்று டைப் செய்யுங்கள்.

```
B2  முதல் B6  வரை : -3750
B7  முதல் B11 வரை : -4000
B12 முதல் B16 வரை : -4400
B17 முதல் B20 வரை : -4700
B21             : 90000
```

இப்போது B23 கட்டத்தில் கீழே உள்ளதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
=IRR(B2:B21,0.02)*12
```

விடை 15.3 சதவீதம். கட்டத்தில் வெறும் 15% என்றோ 0.153 என்றோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். சதவீத வடிவத்தை மாற்றி, ஒரு தசம இடம் கூட்டிக் கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில், அதாவது 2023-ல், வங்கியின் ரெக்கரிங் டெபாசிட் வட்டி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நண்பருக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தீங்களா, நான் கம்மியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

அவருடைய மைத்துனரின் கணக்கை அடுத்த வரிசையில் போடச் சொன்னேன். C2, C3 கட்டங்களில் -3750. மூன்றாவது மாதம் 70,000 வந்து 3,750 போனது. ஆகவே C4-ல் 66250. C5, C6 கட்டங்களில் -3750. C7 முதல் C20 வரை நண்பருடைய எண்களேதான். C21-ல் -5000.

```
=IRR(C2:C21,0.02)*12
```

விடை 30.2 சதவீதம். ஆனால் இது அவர் வாங்கியது அல்ல, கொடுத்தது. கல்யாணச் செலவுக்கு அவர் ஆண்டுக்கு 30 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பார்முலாவில் 0.02 என்று எழுதியிருப்பது நாம் கொடுக்கும் ஒரு தொடக்க ஊகம், மாதத்துக்கு 2 சதவீதம் என்று. அதை எழுதாமல் விட்டால் கம்ப்யூட்டர் 10 சதவீதத்தில் தொடங்கித் தேடும். மைத்துனரின் கணக்கில் பணம் முதலில் போகிறது, நடுவில் வருகிறது, மறுபடி போகிறது. இப்படிப்பட்ட கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கும். விடை நூற்றுக்கணக்கான சதவீதமாக வந்தாலோ #NUM! என்று வந்தாலோ ஊகத்தை மாற்றிப் பாருங்கள். வந்த எண்ணை அப்படியே பதிவில் ஒட்டி விடாதீர்கள்.

நண்பருக்குக் கிடைத்த 15 சதவீதம் யார் பாக்கெட்டிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா? பணம் அவசரமாகத் தேவைப்பட்ட மைத்துனர் போன்றவர்கள் அதிகமாகத் தள்ளியதால்தான் வந்தது. ஒரு குழுவில் அவசரக்காரர்கள் இல்லாமல், ஒவ்வொரு மாதமும் 10,000 மட்டுமே தள்ளி எடுத்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கமிஷன் போக 5,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 250. மாதம் 4,750 வீதம் 19 மாதமும் கடைசி மாதம் 5,000-மும் கட்டினால் மொத்தம் 95,250. கடைசியில் கைக்கு வருவது 95,000. பொறுமையாக இருந்தவருக்கு 250 ரூபாய் நஷ்டம்! நண்பரின் அனுபவத்தில் இந்தக் காட்சி வரவில்லை. அதனால் பதிவிலும் வரவில்லை.

"எனக்கு மாதாமாதம் வருகிறது"

சொந்த அனுபவம் உண்மையாக இருந்தும் மற்றவர்களைக் கெடுக்க முடியும் என்பதற்கு எங்கள் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து மக்களுக்குப் பெரிய பாடம் நடந்திருக்கிறது. 2022 மே மாதம் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சோதனை நடத்தினார்கள். மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம்வரை தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் போலீஸ் தரப்பு கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எப்.எஸ். நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை வந்தது. அங்கும் தொகை பல ஆயிரம் கோடி என்றார்கள்.

இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் விளம்பரத்தால் பரவுவதில்லை. முதலில் பணம் போட்டவர்களின் வாய் வார்த்தையால்தான் பரவுகின்றன. "எனக்கு மாதாமாதம் வருகிறது, பேங்க் மெசேஜைப் பாருங்கள்" என்று அவர்கள் காட்டும்போது அது உண்மையான மெசேஜ்தான். ஆனால் அது எதை நிரூபிக்கிறது? 1 லட்சம் போட்டவருக்கு மாதம் 30,000 வந்தால் மூன்று மாதத்தில் 90,000 வந்திருக்கும். அதுவரை அவருடைய சொந்தப் பணம்கூட முழுதாகத் திரும்பவில்லை. வந்தது வட்டியா, தன் அசலேதானா, புதிதாகச் சேர்ந்தவரின் பணமா என்று மெசேஜில் எழுதியிருக்காது. அவர் கண்டது பணம் வந்ததை மட்டும்தான். எங்கிருந்து வந்தது என்பதை அவர் காணவில்லை. காணாததையும் சேர்த்துச் சொன்னதுதான் கெடுதல்.

ஆகவே பணம் பற்றிய பதிவில் எழுத வேண்டிய முதல் விஷயம் உங்கள் அனுபவத்தின் எல்லை. எத்தனை நாள், எவ்வளவு தொகை, கணக்கு முடிந்து விட்டதா இல்லையா. இரண்டு மாதம் கட்டிய சீட்டைப் பற்றி எழுதலாம், தவறில்லை. ஆனால் "இன்னும் 18 மாதம் பாக்கி இருக்கிறது" என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

திருத்தி எழுதியது

நண்பர் தன் பதிவைத் திருத்தினார். தலைப்பை "ஒரு சீட்டு, இரண்டு கணக்கு" என்று மாற்றினார். தொடக்கம் இப்படி ஆனது:

"2023 ஜனவரி முதல் 2024 ஆகஸ்ட்வரை 1 லட்ச ரூபாய் சீட்டு ஒன்றைக் கட்டி முடித்தேன். நான் கடைசி மாதம் எடுத்தேன். என் மைத்துனர் மூன்றாவது மாதம் எடுத்தார். இருவர் கணக்கையும் மாதவாரியாகக் கீழே தந்திருக்கிறேன். எனக்கு ஆண்டுக்கு 15.3 சதவீதம் கிடைத்தது, அவருக்கு 30.2 சதவீதம் செலவானது. இந்தக் குழுவில் முதல் மாதங்களில் 30,000 வரை தள்ளினார்கள். அதனால் எனக்கு இவ்வளவு வந்தது. உங்கள் குழுவில் இப்படி நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் இதுவரை ஒரே ஒரு சீட்டுதான் கட்டியிருக்கிறேன். நடத்துபவர் எனக்கு உறவினர் அல்ல, இதை எழுத யாரும் எனக்குப் பணம் தரவில்லை."

20 மாதத்தின் எண்களையும் ஒரு அட்டவணையாகக் கொடுத்தார். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். எண்கள் முழுதாக இருந்தால், உங்களை முன்பின் தெரியாத ஒருவர் அவற்றைத் தன் ஷீட்டில் டைப் செய்து 15.3 வருகிறதா என்று பார்க்கலாம். "என்னை நம்புங்கள்" என்று கெஞ்ச வேண்டிய தேவையே இருக்காது. கூட்டுத்தொகையை மட்டும் கொடுத்தால் இதைச் செய்ய முடியாது.

கடைசி வரியில் உள்ள உறவு, பணம் பற்றிய அறிவிப்பைப் பலர் பதிவின் அடியில் ஒளித்து வைக்கிறார்கள். சீட்டுக்கு ஆள் சேர்த்தால் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்றால், அதைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத டெபாசிட் திட்டத்தில் மற்றவரைச் சேரவைக்க, தெரிந்தே தவறான அல்லது முக்கிய விவரத்தை மறைத்த வாக்குறுதி கொடுப்பது 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி குற்றம். "நான் வெறும் வலைப்பூ எழுதுபவன்" என்பது அங்கே பதில் ஆகாது.

சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிட் பண்ட்ஸ் சட்டம் 1982-ன்படி கம்பெனி பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு குழுவையும் தொடங்கப் பதிவாளரிடம் தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே நண்பர், "என் குழுவின் அனுமதி எண் பாஸ்புக்கில் இருந்தது. அதைப் பதிவு அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்தேன்" என்று எழுதினார். உண்மையிலேயே போய்க் கேட்ட பிறகுதான் இந்த வரியைச் சேர்த்தார். முதல் முறை எழுதியபோது அவர் கேட்டிருக்கவில்லை. வங்கியோடு ஒப்பிடுபவர்கள் இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சமாக இருந்த அந்த வரம்பு 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. சீட்டுப் பணத்துக்கு அந்த இன்சூரன்ஸ் கிடையாது.

பாஸ்புக் படம் போடும்போது

ஆதாரத்துக்குப் பாஸ்புக் பக்கத்தைப் படம் எடுத்துப் போடலாம். ஆனால் கணக்கு எண், முகவரி, கையெழுத்து, மற்ற உறுப்பினர் பெயர்கள் எல்லாவற்றையும் மறைத்து விடுங்கள். மறைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செல்போனில் மார்க்கர் கருவியால் கறுப்பாகத் தேய்த்தால் பார்வைக்கு மறைந்ததுபோல் இருக்கும். அந்த மை பாதி ஊடுருவும் தன்மை கொண்டதாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண்கள் மறுபடி தெரியும். பி.டி.எப். பைலில் கறுப்புக் கட்டம் வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்து எடுத்து விடலாம்.

பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, செவ்வகக் கருவியை எடுத்து, உள்ளே முழுக் கறுப்பு நிரப்பும்படி தேர்வு செய்து எண்களின் மேல் வரையுங்கள். வேறு பெயரில் PNG பைலாகச் சேமியுங்கள். சேமித்த பைலை மூடி மறுபடி திறந்து பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

செல்போன் படத்துக்குள் எடுத்த தேதியும், சில சமயம் உங்கள் வீடு இருக்கும் இடமும்கூடப் பதிந்திருக்கும். விண்டோஸில் பைலின் மேல் ரைட் க்ளிக் செய்து Properties, பிறகு Details சென்று, அடியில் உள்ள Remove Properties and Personal Information என்பதை க்ளிக் செய்தால் நீக்கிவிடலாம். பின்னால் யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் காட்ட, மூலப் படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் தனி போல்டரில் வைத்திருங்கள்.

உடம்பைப் பற்றி எழுதும்போது

சீட்டில் 20 மாதக் கணக்கு கையில் இருக்கிறது. உடம்பு விஷயத்தில் அப்படி எளிதாகக் கணக்குப் போட முடியாது. நண்பரின் அடுத்த பதிவே அதற்கு உதாரணம். "ஆவாரம்பூ டீ குடித்தேன், ஒரே வாரத்தில் சர்க்கரை 142-லிருந்து 128-க்கு இறங்கியது" என்று எழுதி வைத்திருந்தார். வீட்டில் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றில் பார்த்த எண்கள்.

எண்கள் உண்மைதான். ஆனால் வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது தெரியுமா? 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம்வரை கூடவோ குறையவோ காட்டினாலும் மீட்டர் தேர்ச்சி பெற்றதாகவே கொள்ளப்படும். உண்மை அளவு 135 என்றால் மீட்டர் 115 முதல் 155 வரை எதைக் காட்டினாலும் அது சரியான மீட்டர்தான். 142-ம் 128-ம் இரண்டுமே இதற்குள் அடங்கி விடுகின்றன. ஒன்றுமே மாறாமல் இருந்திருந்தாலும் இந்த இரண்டு எண்களும் வந்திருக்கலாம். தவிர, அந்த வாரம் அவர் இரவுச் சாப்பாட்டில் சோற்றை விட்டு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டிருக்கிறார், மாத்திரையும் நிற்கவில்லை. பதிவில் இந்த இரண்டும் இல்லை!

இதை நேர்மையாக எழுத வேண்டுமானால், எந்த மாத்திரை தொடர்கிறது, சாப்பாட்டில் என்ன மாறியது, எந்த நேரத்தில் எத்தனை முறை பார்த்தேன் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். குறைந்த எண் வந்த நாட்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லா நாட்களையும் தர வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்திருந்தால் அதைச் சொல்லலாம். அப்போதும் "எனக்கு இப்படி வந்தது" என்பதுவரைதான் போகலாம். "டீயால் குறைந்தது" என்பது அவர் கண்டது அல்ல, ஊகித்தது. அந்த டீத் தூளை விற்பவர்கள் இதை விளம்பரமாக எழுதினால் சட்டச் சிக்கலே வரும். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 1954, சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது.

உடம்பைப் பற்றிய சொந்த அனுபவம் எவ்வளவு தூரம் போய்விடும் என்பதற்கு 2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்ற ஒரு இளம்பெண் ரத்தப்போக்கால் இறந்துபோனார். வீடியோக்களைப் பார்த்து முயன்றார்கள் என்றும், ஏற்கெனவே வீட்டில் குழந்தை பெற்ற ஒரு நண்பர் குடும்பம் ஊக்கம் கொடுத்தது என்றும் அப்போது செய்திகள் வந்தன. அந்த நண்பர் குடும்பத்தின் அனுபவம் பொய் இல்லை. அவர்களுக்கு நல்லபடியாகத்தான் ஆனது. பெரும்பாலான பிரசவங்கள் சிக்கல் இல்லாமல் முடியும், ஆனால் சிக்கல் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. நல்லபடியாக முடிந்த ஒருவரின் அனுபவத்தில் அந்தச் சிக்கல் இருக்கவே இருக்காது. சீட்டுக் கணக்கிலாவது மைத்துனர் வந்து "எனக்கு அப்படி இல்லையே" என்று சொன்னார். இங்கே சொல்ல வேண்டியவர் இல்லை.

நண்பர் ஆவாரம்பூப் பதிவை இன்னும் வெளியிடவில்லை. ஷீட்டில் ஒரு புதிய பக்கம் திறந்து தேதி, நேரம், அளவு, இரவு என்ன சாப்பிட்டேன், மாத்திரை என்று ஐந்து வரிசை போட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டப் போகிறாராம். சீட்டுப் பதிவின் அடியில் மட்டும் போன வாரம் ஒரு வரி சேர்த்திருந்தார். மேலே உள்ள தேதியை மாற்றாமல், "திருத்தம்: ஒன்பதாவது மாதம் 4,400 என்று தவறாக எழுதியிருந்தேன், 4,000 என்பதே சரி. கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொன்ன வாலாஜா வாசகருக்கு நன்றி" என்று.